ஊர் டென்னிஸ் கிளப்பில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கேட்டுக் கடிதம் எழுதுவது எப்படி?

சுங்கை சிப்புட் பக்கம், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது எங்கள் ஊர். அங்கே பழைய கிளப் ஒன்று, அதில் இரண்டு டென்னிஸ் கோர்ட். பிள்ளைகளுக்கு யாராவது ஆட்டம் சொல்லிக்கொடுத்தால் நன்றாக இருக்கும் என்று பெற்றோர் பலர் கிளப் உறுப்பினர்களிடம் வாய்விட்டுக் கேட்டோம். வாட்ஸ்அப்பிலும் கேட்டோம். "நல்ல யோசனை, பேசலாம்" என்று எல்லாரும் சொன்னார்கள். அதற்கு மேல் ஒரு அடி நகரவில்லை.

செயலவையின் கூட்டத்தில் எழுத்தில் வந்து, நிகழ்ச்சிநிரலில் ஏறினால்தான் எதுவும் முடிவாகும். அப்படி ஏறினாலும், கிளப் பணத்தைத் தொடாமல், சட்டவிதியைத் திருத்தாமல், உறுப்பினர்களின் ஆட்ட நேரத்தைக் கெடுக்காமல் இருக்கிற கோரிக்கைக்குத்தான் ஒரே அமர்வில் 'சரி' கிடைக்கும். அப்படி ஒரு கடிதத்தைத் தயார் செய்வது எப்படி என்பதை எங்கள் அனுபவத்திலிருந்து எழுதுகிறேன். கடிதம் ஒரு பக்கம்தான். அதற்கு முன்னால் செய்யவேண்டிய வேலைதான் அதிகம், அதற்கு ஒரு மாதம் ஒதுக்குங்கள்.

1. கிளப்பின் சட்டவிதியைப் படியுங்கள்

கிளப் சங்கப் பதிவிலாகாவிலோ விளையாட்டு ஆணையர் அலுவலகத்திலோ பதிவாகியிருக்கும். எதுவானாலும் அதற்கு எழுத்தில் ஒரு சட்டவிதி உண்டு. செயலாளரிடம் நகல் கேளுங்கள். நீங்கள் உறுப்பினர் இல்லையென்றால், உறுப்பினராக இருக்கும் ஒருவரை வாங்கித் தரச் சொல்லுங்கள்.

அதில் மூன்று இடங்களைப் பாருங்கள். முதலாவது, விருந்தினர் பற்றிய விதி. வெளியாள் ஒருவர் மாதத்திற்கு எத்தனை முறை வரலாம் என்று பல கிளப்புகள் வரம்பு வைத்திருக்கின்றன. பிள்ளைகளை 'விருந்தினர்' என்று எழுதிவிட்டால் மூன்றாவது வாரமே அந்த வரம்பு உங்களை நிறுத்திவிடும். இரண்டாவது, இளையோர் உறுப்பியம் என்று ஒன்று இருக்கிறதா, அதற்கு அம்மாவோ அப்பாவோ உறுப்பினராக இருந்தாக வேண்டுமா என்பது. மூன்றாவதுதான் முக்கியம்: விளையாட்டு நிகழ்ச்சிகளை ஏற்பாடு செய்யவும் அதற்கு வெளியாரை அனுமதிக்கவும் செயலவைக்கு அதிகாரம் தரும் விதி. பெரும்பாலும் 'செயலவையின் கடமைகள்' என்ற பகுதியில் இருக்கும். அந்த விதியின் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், கடிதத்தில் அதைச் சொல்லப் போகிறீர்கள்.

"இளையோர் உறுப்பியம் தொடங்குங்கள்" என்று மட்டும் முதல் கடிதத்தில் கேட்காதீர்கள். விதியில் அப்படி ஒரு பிரிவு இல்லாவிட்டால் அது சட்டவிதித் திருத்தமாகிவிடும். ஆண்டுப் பொதுக்கூட்டம், உறுப்பினர் வாக்கு, பிறகு பதிவிலாகாவின் அங்கீகாரம் என்று நீளும். 8 வயதுப் பிள்ளை அதற்குள் 10 வயதாகிவிடுவான். 'பத்து வகுப்புகள் கொண்ட ஒரு முன்னோட்டப் பயிற்சி' என்று கேட்டால் செயலவையே முடிவெடுத்துவிடலாம்.

கோர்ட் யாருடைய நிலத்தில் இருக்கிறது என்பதையும் விசாரித்து வையுங்கள். தோட்டத்து ஊர்களில் நிலம் தோட்ட நிர்வாகத்துடையதாகவும், கிளப் அதைப் பயன்படுத்த மட்டும் அனுமதி பெற்றதாகவும் இருப்பதுண்டு. அப்படியானால் தோட்ட மேனேஜருக்கும் ஒரு நகல் போகவேண்டும். ஆனால் செயலாளரிடம் சொல்லாமல் நேராக மேனேஜரிடம் போய்விடாதீர்கள். தங்கள் தலைக்கு மேல் போனதாகச் செயலவை நினைத்துவிட்டால், பிறகு யார் பேசினாலும் எடுபடாது.

2. கோர்ட் காலியாக இருக்கும் நேரத்தைக் கண்டுபிடியுங்கள்

கோர்ட் பதிவுப் புத்தகம் ஒன்று காவலாளி அறையிலோ கவுன்டரிலோ இருக்கும். அனுமதி கேட்டு, கடந்த இரண்டு மாதப் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். எந்த நாள் எந்த நேரத்துக் கட்டம் வெள்ளையாகவே இருக்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். பதிவு செய்யாமலே வந்து ஆடுகிறவர்களும் உண்டு என்பதால், கோர்ட்டைப் பார்த்துக்கொள்பவரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். யார் எப்போது வருவார்கள் என்று அவருக்குத்தான் அத்துப்படி.

எங்கள் ஊரில் மாலை ஐந்து மணிக்கு மேல் கேட்கவே முடியாது. மூத்த உறுப்பினர் ஒருவர் என்னிடம் சொன்னார்: "தங்கச்சி, எங்க அஞ்சு மணி டபுள்ஸ்ல கை வைக்காத வரைக்கும் எனக்கு ஒண்ணும் இல்ல." ஞாயிறு காலையும் அவர்களுக்கே. சனிக்கிழமை காலை மட்டும் கோர்ட் இரண்டும் காலி. தோட்டங்களில் சனிக்கிழமை வேலை நாள், உறுப்பினர்களில் பாதிப் பேர் தோட்டத்து உத்தியோகத்தர்கள், அவர்கள் அப்போது பணியில் இருப்பார்கள். பேராக்கில் இடி மழை பெரும்பாலும் பிற்பகலில்தான் கொட்டும், காலை வகுப்பு அதிகம் கெடாது. ஆகவே சனி காலை 8.30 முதல் 10 வரை என்று முடிவு செய்தோம்.

இந்த நேரத்தில் இரண்டு சிக்கல்கள் உண்டு. பள்ளியில் சில சனிக்கிழமைகளில் புறப்பாட நடவடிக்கையோ மாற்றுப் பள்ளி நாளோ வரும். தலைமையாசிரியரிடம் அந்தத் தேதிகளைக் கேட்டு வாங்கிவிடுங்கள். பெருநாள் விடுமுறைகளையும் கழித்துவிடுங்கள். பத்து வகுப்புகளுக்குப் பத்து வாரம் என்று கேட்காமல் பதினான்கு சனிக்கிழமைகளுக்கு அனுமதி கேளுங்கள். மழை, பள்ளி, கிளப்பின் சொந்தப் போட்டி எல்லாம் அதற்குள் அடங்கிவிடும்.

இரண்டாவது சிக்கல், தோட்டத்தில் வேலை செய்யும் பெற்றோரும் அந்த நேரத்தில் வேலையில் இருப்பார்கள். பிள்ளைகளை யார் கூட்டி வருவது? நாங்கள் பள்ளி வேன் ஓட்டுநரிடம் பேசினோம். அந்தக் கூலியைப் பெற்றோர் தனியாகக் கொடுத்தார்கள். வேன் ஏற்பாட்டைக் கடிதத்தில் ஒரு வரியாக எழுதுங்கள். பிள்ளைகள் வகுப்புக்கு முன்னும் பின்னும் கிளப் வளாகத்தில் அலைவார்களோ என்பதுதான் செயலவையின் பெரிய பயம். அதுவும் மதுக்கூடம் இருக்கும் கிளப் என்றால் சொல்லவே வேண்டாம்.

3. ஒரே கோர்ட் போதும் என்று காட்டுங்கள்

"பன்னிரண்டு பிள்ளைகளா? இரண்டு கோர்ட்டும் போய்விடுமே" என்பார்கள். பெரியவர்கள் ஆடுவதுபோல் முழுக் கோர்ட்டில் மஞ்சள் பந்தோடு பிள்ளைகள் ஆடுவதாக அவர்கள் கற்பனை செய்வதால் வரும் கேள்வி இது.

அனைத்துலக டென்னிஸ் சம்மேளனம் பிள்ளைகளுக்கென்று படிநிலைகள் வைத்திருக்கிறது: சிவப்பு, ஆரஞ்சு, பச்சை. 5 முதல் 8 வயதுக்குச் சிவப்புப் பந்து. அது வழக்கமான பந்தைவிட 75 விழுக்காடு மெதுவாகப் போகும், தாழ்வாக எழும்பும். கோர்ட்டின் நீளம் சுமார் 11 மீட்டர், வலை உயரம் 80 சென்டிமீட்டர். 8 முதல் 10 வயதுக்கு ஆரஞ்சுப் பந்து, கோர்ட் 18 மீட்டர். 2012 முதல் 10 வயதுக்குட்பட்டோர் போட்டிகளில் வழக்கமான மஞ்சள் பந்தைப் பயன்படுத்தக்கூடாது என்பதே அந்தச் சம்மேளனத்தின் விதி.

இனி அளவைப் பாருங்கள். டபுள்ஸ் கோர்ட்டின் அகலம் 10.97 மீட்டர். அதாவது அந்த அகலமே சிவப்புக் கோர்ட்டின் நீளமாகிவிடுகிறது. முழுக் கோர்ட்டின் நீளம் 23.77 மீட்டர். அதை நான்காகப் பிரித்தால் ஒவ்வொன்றும் ஆறு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பெரிய வலைக்கு இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு என்று நான்கு குட்டிக் கோர்ட்டுகள் குறுக்காகக் கிடைக்கும். ஒவ்வொன்றிலும் மூன்று பிள்ளைகள். இருவர் ஆட, ஒருவர் புள்ளி எண்ணுவார்.

குட்டி வலை வாங்கவேண்டியதில்லை. கோர்ட்டின் இரு முனைகளிலிருந்து பெரிய வலையின் நடுப்பகுதி வரை, ஒவ்வொரு பாதியிலும் ஒரு கயிறு இழுத்து, இடையில் நாற்காலிகளை வைத்துத் தாங்கினால் போதும். கயிற்றில் ரிப்பன் துண்டுகள் தொங்கவிட்டால் பிள்ளைகள் கண்ணுக்குத் தெரியும். கோடுகளுக்குச் சாக்குக்கட்டி. இதை ஒரு தாளில் படமாக வரைந்து கடிதத்தோடு இணைத்தோம். பேச்சை எல்லாம் விட அந்தப் படம்தான் செயலவையில் வேலை செய்தது.

4. பயிற்றுநரை முதலில் பேசி முடியுங்கள்

"கிளப் ஒரு பயிற்றுநரை ஏற்பாடு செய்யவேண்டும்" என்று எழுதினால், அந்த வேலையைத் தலையில் தூக்கிக்கொள்ளச் செயலவையில் யாரும் முன்வரமாட்டார்கள். ஆளை நீங்களே பேசி வைத்துவிட்டுப் போங்கள்.

அவரிடம் கேட்கவேண்டிய தாள்கள்: அனைத்துலக டென்னிஸ் சம்மேளனத்தின் முதல் நிலைச் சான்றிதழ், அல்லது தேசியப் பயிற்றுநர் சான்றிதழ்த் திட்டத்தில் டென்னிஸ் முதல் நிலை. முதலுதவிச் சான்றிதழும் வேண்டும். அப்புறம், கேட்கக் கூச்சமாக இருந்தாலும் கேட்டே ஆகவேண்டிய ஒன்று இருக்கிறது. பிள்ளைகளுக்கு எதிரான குற்றங்களில் தண்டனை பெற்றவர்களின் பதிவேடு சமூகநல இலாகாவிடம் இருக்கிறது. பிள்ளைகளோடு பணியாற்றப் போகிறவரின் சம்மதத்தோடு, அவர் பெயர் அதில் இல்லை என்று சரிபார்க்கும்படி விண்ணப்பிக்கலாம். பதில் வர நேரமாகும், அதனால் இதை முதல் வாரமே தொடங்குங்கள். பொறுப்பான பயிற்றுநர் இதற்குக் கோபப்படமாட்டார். தயங்குகிறார் என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

நன்றாக ஆடத் தெரிந்த உறுப்பினர் ஒருவர் "நானே சும்மா சொல்லித் தருகிறேன்" என்று முன்வரலாம். நல்ல மனசுதான். அவரை உதவியாளராக வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு சின்னப் பிள்ளைகளை ஒன்றரை மணி நேரம் சமாளிப்பது வேறு கலை. அதோடு, சும்மா வருகிறவர் வராமல் போனால் கேட்கவும் முடியாது.

5. கணக்கு போடும் முறை

எங்கள் கணக்கை அப்படியே தருகிறேன். உங்கள் ஊரில் தொகை மாறும், முறை மாறாது.

பயிற்றுநர் ஈப்போவிலிருந்து வந்தார். மணிக்கு 80 வெள்ளி, ஒன்றரை மணிக்கு 120, பெட்ரோலுக்கு 30, ஆக ஒரு வகுப்புக்கு 150 வெள்ளி. பத்து வகுப்புக்கு 1,500. கோர்ட்டைத் திறந்து, தேங்கிய தண்ணீரைத் தள்ளி, நாற்காலி எடுத்துக் கொடுப்பவருக்கு வகுப்புக்கு 20 வீதம் 200. இதை விட்டுவிடாதீர்கள். அவருடைய சனிக்கிழமைக் காலை உங்களால்தான் கூடுதல் வேலையாகிறது. கயிறு, சாக்குக்கட்டி, முதலுதவிப் பெட்டி, ஐஸ் எல்லாம் சேர்த்து 60. மொத்தம் 1,760 வெள்ளி.

இதைப் பன்னிரண்டால் வகுத்தால் ஆளுக்கு 147 வெள்ளிதான் வரும். ஆனால் அப்படி வசூலித்தால் கட்டமுடியாத ஒரு பிள்ளையைச் சேர்த்தாலும் பயிற்றுநருக்குக் கொடுக்கக் காசு பற்றாது. ஆகவே பத்தால் வகுத்தோம்: 176, அதை 180 ஆக்கினோம். பத்துப் பிள்ளைகள் கட்டினால் 1,800, செலவு கழிந்துவிடும். மீதி இரண்டு இடங்களைக் கட்டணம் கட்டமுடியாத குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஒதுக்கினோம். யார் அந்த இருவர் என்பது தலைமையாசிரியருக்கும் பணத்தைப் பார்த்துக்கொண்டவருக்கும் மட்டும்தான் தெரியும். கட்டுகிறவர்களுக்கும் இரண்டு தவணை: முதல் வகுப்புக்கு முன் 90, ஆறாவது வகுப்புக்கு முன் 90. சம்பளம் போட்ட மறு சனிக்கிழமையாகத் தவணை நாளை வைத்தால் பெற்றோருக்குச் சுமை தெரியாது.

மட்டையும் பந்தும் ஒருமுறைச் செலவு. இரண்டு டஜன் சிவப்புப் பந்து 240, 23 அங்குல மட்டை ஆறு 360, ஆக 600 வெள்ளி. பாதியைப் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் பாதியை ஊர்க் கடைக்காரர் ஒருவரும் கொடுத்தார்கள். பெரியவர்களின் பழைய 27 அங்குல மட்டையைச் சின்னப் பிள்ளை கையில் கொடுக்காதீர்கள். பாரம் தாங்காமல் பிடியின் கழுத்தைப் பிடித்து ஆடப் பழகிவிடும், பிறகு மாற்றுவது பெரும்பாடு.

6. கடிதம்

கிளப்பின் அறிவிப்புப் பலகையும் கூட்டக் குறிப்பும் எந்த மொழியில் இருக்கின்றனவோ, அந்த மொழியில் கடிதத்தை அனுப்புங்கள். ஒரு பக்கத்திற்கு மேல் வேண்டாம். உறுப்பினர் அல்லாதவர் எழுதினால் உறுப்பினர் இருவர் ஆதரித்துக் கையெழுத்திடட்டும். மாதிரி இது:

> கௌரவச் செயலாளர் அவர்களுக்கு,
>
> பொருள்: 7, 8 வயதுப் பிள்ளைகளுக்குப் பத்து வகுப்புகள் கொண்ட முன்னோட்ட டென்னிஸ் பயிற்சிக்கு அனுமதி கோருதல்
>
> வணக்கம். நான் இவ்வூர்த் தமிழ்ப்பள்ளியில் படிக்கும் பிள்ளை ஒருவரின் தாய். பன்னிரண்டு பிள்ளைகளின் பெற்றோர் சார்பில் எழுதுகிறேன். கிளப் சட்டவிதியின் (விதி எண்) படி செயலவைக்குள்ள அதிகாரத்தின் கீழ் இந்த அனுமதியைக் கேட்கிறோம்.
>
> நாங்கள் கேட்பது: இரண்டாம் எண் கோர்ட், சனிக்கிழமை காலை 8.30 முதல் 10 வரை, (தேதி) முதல் (தேதி) வரையுள்ள பதினான்கு சனிக்கிழமைகளில் பத்து நாள். முதல் எண் கோர்ட் உறுப்பினர்களுக்கே இருக்கும். கிளப் போட்டி உள்ள நாளில் வகுப்பு நடக்காது.
>
> கிளப்புக்குச் செலவு இல்லை. பயிற்றுநர் கட்டணம், கோர்ட் பணியாளரின் கூடுதல் ஊதியம், பந்து, மட்டை அனைத்தும் பெற்றோர் பொறுப்பு. கணக்கு இணைக்கப்பட்டுள்ளது.
>
> பாதுகாப்பு: பயிற்றுநரைத் தவிரப் பெற்றோர் இருவர் எப்போதும் கோர்ட் ஓரத்தில் இருப்பர். பிள்ளைகள் பக்கவாட்டு வாசல் வழியே வந்து போவர். கிளப் கட்டடத்தில் கழிவறை தவிர வேறெங்கும் செல்லமாட்டார்கள். வேன் 8.20க்கு இறக்கி 10.10க்கு ஏற்றிக்கொள்ளும். கோர்ட்டில் தடம் பதிக்காத அடிப்பாகம் கொண்ட காலணி கட்டாயம்.
>
> பத்தாவது வகுப்பு முடிந்த இரு வாரத்தில் வருகைப் பதிவும் வரவு செலவும் ஒப்படைப்போம். தொடர்வதா என்பதைச் செயலவை அப்போது முடிவு செய்யலாம். இடையில் இடையூறு ஏற்பட்டால் ஒரு வார அறிவிப்பில் அனுமதியைத் திரும்பப் பெறலாம்.
>
> அடுத்த செயலவைக் கூட்டத்தில் இதை நிகழ்ச்சிநிரலில் சேர்க்கவும், ஐந்து நிமிடம் நேரில் விளக்க வாய்ப்பளிக்கவும் கேட்டுக்கொள்கிறேன்.

கடைசிக்கு முந்திய பத்தியை எடுத்துவிடாதீர்கள். எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்று எழுத்தில் இருக்கும்போதுதான் தயங்குகிறவர்களும் கை தூக்குவார்கள். அதேபோல் காலணி வரி. இப்போது பள்ளிக் காலணி கறுப்பு நிறம், சிலவற்றின் கறுப்பு ரப்பர் அடி கோர்ட்டில் கோடு கோடாக இழுத்துவிடும். கோர்ட்டுக்குப் புதிதாகப் பூச்சு அடித்த கிளப் என்றால் முதல் கேள்வியே இதுதான்.

கிளப்பின் புகழ், நாட்டின் விளையாட்டு எதிர்காலம் பற்றிய பத்திகள் வேண்டாம். படிக்கிறவர் தேடுவது நாள், நேரம், எந்தக் கோர்ட், யார் பொறுப்பு என்பவற்றைத்தான்.

7. இணைப்புகள்

நான்கு தாள்கள் போதும்: கோர்ட் படம், கணக்கு, பயிற்றுநரின் சான்றிதழ் நகல்கள், பிள்ளைகளின் பட்டியல். பட்டியலில் பெயர், வயது, பெற்றோரின் கைப்பேசி எண் மட்டும். பிள்ளைகளின் அடையாள எண்ணையோ வீட்டு முகவரியையோ கொடுக்காதீர்கள். அந்தத் தாள் எத்தனை கை மாறும் என்று சொல்லமுடியாது. ஒவ்வாமை, இழைப்பு போன்ற விவரங்களைப் பெற்றோரின் சம்மதப் படிவத்தில் எழுதி வாங்கி, கோர்ட் ஓரத்தில் இருப்பவர் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

8. எப்போது கொடுப்பது, என்ன கேட்பார்கள்

செயலவை பெரும்பாலும் மாதம் ஒருமுறை கூடும். கூட்டத் தேதிக்குப் பத்து நாள் முன்னதாகச் செயலாளர் கையில் கடிதம் இருக்கவேண்டும். நகலில் 'பெற்றுக்கொண்டேன்' என்று தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். ஆண்டுப் பொதுக்கூட்டத்திற்கு முந்திய இரண்டு மாதம் கொடுக்காதீர்கள். "புதிய செயலவை வரட்டும்" என்று தள்ளிவைத்துவிடுவார்கள். புதிய செயலவை பொறுப்பேற்றபின் வரும் இரண்டாவது கூட்டம் நல்ல சமயம்.

கூட்டத்தில் நிச்சயம் வரும் கேள்வி காப்புறுதி. பிள்ளைக்கு அடிபட்டால் யார் பொறுப்பு? கிளப்பின் பொதுப் பொறுப்புக் காப்புறுதி உறுப்பினர் அல்லாதவரையும் உள்ளடக்குகிறதா என்று பொருளாளரிடம் முன்கூட்டியே கேளுங்கள். இல்லையென்றால் பிள்ளைகளுக்குக் குழு விபத்துக் காப்புறுதி எடுத்து, அந்தத் தொகையைக் கணக்கில் சேர்த்துவிடுங்கள். "நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்ற பெற்றோரின் கையெழுத்து மட்டும் போதாது.

இன்னொரு கேள்வி: "உறுப்பினர் பிள்ளைகளுக்கு இடம் உண்டா?" பன்னிரண்டில் மூன்று இடத்தை அவர்களுக்கு முதலில் கொடுக்கத் தயார் என்று சொல்லுங்கள், கட்டணம் எல்லாருக்கும் ஒன்றுதான் என்பதையும் சேர்த்து.

9. பதில் வந்த பிறகு

வாய்மொழியாக 'சரி' என்றால் வகுப்பைத் தொடங்காதீர்கள். செயலாளரின் கையெழுத்தோடு கடிதம் வரட்டும். அதில் நாள், நேரம், கோர்ட் எண் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு கோர்ட் பதிவுப் புத்தகத்தில் பத்துத் தேதிகளையும் நீங்களே போய் எழுதுங்கள். இதைச் செய்யாவிட்டால், அனுமதி பற்றித் தெரியாத உறுப்பினர் ஒருவர் நான்காவது வாரம் மட்டையோடு வந்து நிற்பார்.

மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். நேரம்தான் காரணம் என்றால் மாற்று நேரத்தோடு அடுத்த மாதமே திரும்பக் கொடுக்கலாம். சட்டவிதி காரணம் என்றால், அதை ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கொண்டுவர உறுப்பினர் ஒருவரின் தீர்மானம் தேவைப்படும். தீர்மானங்களுக்குக் கடைசித் தேதி உண்டு, விதியில் பாருங்கள். அதுவரை பள்ளிச் சபைத் திடலில் சிவப்புப் பந்தும் கயிறும் வைத்துத் தொடங்கலாம். சமதளமான சிமெண்டுத் தரை பதினொரு மீட்டர் இருந்தால் போதும்.

அனுமதி கிடைத்தவர்கள் முதல் வகுப்பிலிருந்தே வருகைப் பதிவை எழுதுங்கள். எட்டாவது வகுப்பின்போதே தொடர் அனுமதிக்கான கடிதத்தைச் செயலாளரிடம் கொடுத்துவிடுங்கள், அதுவரையிலான வருகைப் பதிவையும் கணக்கையும் இணைத்து. பத்து முடிந்தபின் கொடுத்தால் அடுத்த கூட்டம் வரை ஒரு மாதம் வகுப்பு நின்றுவிடும், பயிற்றுநர் அந்தச் சனிக்கிழமையை வேறு ஊருக்குக் கொடுத்துவிடுவார்.